பத்து கேமிங் சீட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு: சப்ளையருக்குக் கடிதம் எழுதுவது எப்படி

பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டராகத் தொடங்கிய என் கடை இப்போது பாதிக்கு மேல் கேமிங் சென்டர். முதல்முறை கார்டு வாங்கும்போது சென்னை ரிச்சி தெருவில் இருந்த ஒரு சப்ளையருக்கு ஒரே வரியில் எழுதினேன்: "கேமிங்குக்கு 10 கார்டு வேண்டும், பட்ஜெட் இவ்வளவு, நல்ல கார்டாகச் சொல்லுங்கள்." அவரும் அந்த விலைக்குள் புதிதாக வந்திருந்த ஒரு கார்டை அனுப்பினார். பத்தும் ஒழுங்காக வேலை செய்தன. ஆனால் கொஞ்சம் பெரிய கேம் போட்டால் திரை விட்டு விட்டு ஓடியது. கார்டில் குறை இல்லை. என் பழைய மதர்போர்டுக்குப் பொருந்தாத கார்டு அது. என் மதர்போர்டு என்ன என்று நான் எழுதவே இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த இழப்புக்குப் பிறகுதான் எழுதுவதற்கு முன் என்ன சேகரிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். இரண்டாவது முறை எழுதிய கடிதத்தையும், அதற்கு முன்னும் பின்னும் செய்த வேலைகளையும் வரிசையாகச் சொல்கிறேன். பத்து சீட் வைத்திருக்கும் யாரும் தங்கள் கடைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், என்ன விளையாடுகிறார்கள் என்று எழுதி வையுங்கள்

இரண்டு வாரம் ஒரு நோட்டு போதும். எந்த சீட்டில் எந்த கேம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று குறித்தால், நாம் மனதில் நினைத்திருந்ததற்கும் உண்மைக்கும் தூரம் இருப்பது தெரியும். பையன்கள் எப்போதும் புதுப்புது கேம்களைப் பற்றியே பேசுவார்கள். நோட்டைப் பார்த்தால் என் கடை நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டிலேயே போயிருந்தது. மீதி ஜிடிஏ 5, ஃபுட்பால், எப்போதாவது ஒரு பெரிய கதை கேம்.

இது ஏன் முக்கியம் என்றால், வேலரண்ட் மாதிரி கேம்கள் கிராபிக்ஸ் கார்டை விட பிராசஸரைத்தான் அதிகம் கேட்கும். கார்டு பாதி வேலையோடு சும்மா இருக்க, பிராசஸர் திணறிக்கொண்டிருக்கும். அந்த சீட்டுக்கு இரண்டு மடங்கு விலையில் கார்டு போட்டாலும் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

உங்கள் கடையில் எது தடை என்று பார்ப்பது எளிது. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் கார்டின் உபயோகம் 95 சதவீதத்துக்கு மேல் நின்றால், கார்டுதான் தடை. ஃபிரேம் குறைவாக இருக்கும்போதும் கார்டு 50, 60 சதவீதத்திலேயே நின்றால், பிராசஸரையோ ரேமையோ பாருங்கள். ஆனால் அதற்கு முன் கேம் செட்டிங்கில் ஃபிரேம் வரம்பு எதுவும் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வரம்பு இருந்தால் கார்டு வேண்டுமென்றே மெதுவாகத்தான் ஓடும்.

அடுத்து, பத்து சிஸ்டத்தையும் சோதித்துப் பாருங்கள்

"எல்லாம் ஒரே மாதிரி சிஸ்டம்தான்" என்று நானும் நினைத்திருந்தேன். இடையில் பழுதாகி மாற்றியதில் மூன்றில் எஸ்எம்பிஎஸ் வேறாகிப் போயிருந்தது. மதர்போர்டு, பிராசஸர் பெயர்களை அறிய சிஸ்டத்தைத் திறக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் பவர்ஷெல்லைத் திறந்து இதை ஓட்டினால் போதும்:

```
Get-CimInstance Win32_BaseBoard | Select-Object Manufacturer, Product
Get-CimInstance Win32_Processor | Select-Object Name
Get-CimInstance Win32_PhysicalMemory | Select-Object Capacity, Speed
```

மூன்றாவது கட்டளையில் ஒரே ஒரு வரி மட்டும் வந்தால், அந்த சிஸ்டத்தில் ஒரே ரேம் ஸ்டிக் இருக்கிறது என்று அர்த்தம். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருப்பதை விட 8 ஜிபி இரண்டாக இருந்தால் கேமில் ஃபிரேம் நன்றாகவே கூடும். கார்டுக்குப் பணம் போடும் முன் இதைச் சரிசெய்யுங்கள்.

என் சிஸ்டங்களில் இருந்தது ஐ5-10400எஃப் பிராசஸரும் பி460 மதர்போர்டும். இந்த வரிசை போர்டுகளில் கார்டு சொருகும் ஸ்லாட் பிசிஐஇ மூன்றாம் தலைமுறை. முதல்முறை நான் ஏமாந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்லாட் பார்க்க நீளமாக ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே கார்டு பயன்படுத்தும் பாதைகளின் எண்ணிக்கை மாறும். 16 பாதை, 8 பாதை, 4 பாதை என்று கார்டுகள் வருகின்றன. மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் ஒரு பாதை வழியாக நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி தரவு போகும், நான்காம் தலைமுறையில் அதைப் போல இரண்டு மடங்கு. 4 பாதை மட்டும் உள்ள கார்டை நான்காம் தலைமுறை போர்டில் போட்டால் 8 ஜிபி வேகம் கிடைக்கும். என் போர்டில் போட்டதால் 4 ஜிபிதான் கிடைத்தது. கார்டின் சொந்த மெமரிக்குள் கேம் அடங்கும் வரை இது உறைக்காது. மெமரி நிறைந்து, மீதியை சிஸ்டம் ரேமிலிருந்து இந்தக் குறுகிய பாதை வழியாக இழுக்கத் தொடங்கும்போதுதான் திரை விட்டு விட்டு ஓடும். 4 ஜிபி மெமரியும் 4 பாதையும் சேர்ந்த கார்டு பழைய போர்டுக்கு ஆகாது என்பதற்கு இதுதான் காரணம். ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டும் இந்த வகை. புதிய போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவு.

8 பாதைக் கார்டு மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் சிறிதளவே இழக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ், மானிட்டர்

கேபினெட் பக்கவாட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸின் வாட்ஸையும், கார்டுக்கான 6+2 பின் கேபிள் இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் பத்தில் ஏழில் 450 வாட்ஸும் அந்தக் கேபிளும் இருந்தன. மூன்றில் 400 வாட்ஸ், கேபிள் இல்லை. ஹார்டு டிஸ்க் கேபிளிலிருந்து கன்வெர்ட்டர் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நாள் முழுக்க லோடில் ஓடும் கடையில் அதைச் செய்யாதீர்கள். அந்த இணைப்பு சூடாகி உருகக்கூடும்.

ஸ்லாட் தனியாகவே 75 வாட்ஸ் வரை கொடுக்கும். அதற்குள் ஓடும் கார்டுக்குத் தனிக் கேபிள் தேவையில்லை. கேபிள் இல்லாத மூன்று சிஸ்டத்துக்கும் அப்படிப்பட்ட கார்டு போதும் என்றால், மூன்று எஸ்எம்பிஎஸ் செலவு மிச்சம். கையோடு, கேபினெட்டுக்குள் கார்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து விடுங்கள்.

மானிட்டரில் மூன்று விஷயம் போதும்: ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ், பின்னால் இருக்கும் சாக்கெட். என்னிடம் எல்லாம் 1080பி. ஆறு 75 ஹெர்ட்ஸ், நான்கு 144 ஹெர்ட்ஸ். 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 75 படத்துக்கு மேல் காட்டாது. அதன் பின்னால் 200 ஃபிரேம் தரும் கார்டை வைத்தால் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமலேயே போகும். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் அதையும் எழுதுங்கள். இப்போதைய கேமிங் கார்டுகளில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட்தான் வருகின்றன.

பட்ஜெட்டை ஜிஎஸ்டியோடு சொல்லுங்கள்

கிராபிக்ஸ் கார்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கார்டு 20,000 ரூபாய் என்று போனில் சொல்லிவிட்டு, பில்லில் 23,600 வந்தால் பத்துக்கு 36,000 ரூபாய் வித்தியாசம். ஒன்றரை கார்டு விலைக்கு மேல்! என் பட்ஜெட் வரியோடு சேர்த்து 2 லட்சம். அப்படியானால் சராசரியாக ஒரு கார்டின் வரிக்கு முந்தைய விலை 16,949 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சாதாரண முறையில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுப்பது பற்றி உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது.

ஒரே பெயர், வேறு கார்டு

கடிதத்தில் கார்டின் பெயரை எழுதுவதென்றால் முழுமையாக எழுத வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்று மட்டும் எழுதினால் இரண்டில் எது வேண்டுமானாலும் வரலாம். 2022இல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட்ஸ் எடுக்கும். 2024இல் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட்ஸ்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனிக் கேபிள் வேண்டாம், ஆனால் வேகமும் குறைவு. உள்ளே இருக்கும் கோர்களின் எண்ணிக்கையே 2560, 2304 என்று வேறு வேறு. பெட்டியில் பெயர் ஒன்றுதான். ஆர்டிஎக்ஸ் 3060யிலும் 12 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு உண்டு, அங்கும் 8 ஜிபி கார்டு மெதுவானது. ஆர்எக்ஸ் 580 கேட்டால் 2048எஸ்பி என்ற குறைந்த வகையும் கைக்கு வரும்.

பழைய கார்டு வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டுக்கு ஒன்று என்றால் சரி. கடைக்கு வேண்டாம் என்பேன். கிரிப்டோ மைனிங்கில் இரவும் பகலும் ஓடிய கார்டா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்கு புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா அக்டோபர் 2025 உடன் முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஜிடிஎக்ஸ் 1650 அடுத்த தலைமுறை என்பதால் இதில் சேராது.

கடிதம்

இவ்வளவும் கையில் வந்த பிறகு நான் எழுதியது இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"வணக்கம் சார்,

பாளையங்கோட்டையில் கேமிங் சென்டர் நடத்துகிறேன். போன வருடம் உங்களிடம் நான்கு மானிட்டர் வாங்கினேன். இப்போது பத்து சீட்டுக்கும் கிராபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டும். உங்கள் ஆலோசனையும் கொட்டேஷனும் தேவை.

பத்து சிஸ்டமும் ஐ5-10400எஃப், பி460 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. ஸ்லாட் பிசிஐஇ மூன்றாம் தலைமுறை, ஆகவே 4 பாதை மட்டும் உள்ள கார்டு வேண்டாம். ஏழு சிஸ்டத்தில் 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், 6+2 பின் கேபிள் ஒன்று இருக்கிறது. மூன்றில் 400 வாட்ஸ், அந்தக் கேபிள் இல்லை. கேபினெட்டில் 260 மி.மீ. நீளம் வரை இடம் உண்டு.

ஆறு மானிட்டர் 1080பி 75 ஹெர்ட்ஸ், நான்கு 1080பி 144 ஹெர்ட்ஸ். எல்லாவற்றிலும் எச்டிஎம்ஐ இருக்கிறது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் டிஸ்ப்ளேபோர்ட்டும் உண்டு.

அதிகம் ஓடுவது வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2. அடுத்து ஜிடிஏ 5, ஃபுட்பால். தினம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும்.

ஜிஎஸ்டி, பார்சல் செலவு எல்லாம் சேர்த்து பட்ஜெட் 2 லட்சம் ரூபாய். மூன்று விதமாகக் கொட்டேஷன் தாருங்கள். ஒன்று, பத்தும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, தனிப் பவர் கேபிள் தேவைப்படாத மாடல். இரண்டு, பத்தும் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, கூடவே மூன்று எஸ்எம்பிஎஸ். மூன்று, முதல் வகையில் ஆறு, இரண்டாம் வகையில் நான்கு. இவற்றை விடப் பொருத்தமானது உங்களிடம் இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஒவ்வொரு கார்டுக்கும் கம்பெனி, முழு மாடல் எண், வாரண்டி ஆண்டு, கையில் ஸ்டாக் எத்தனை, விலை எத்தனை நாள் செல்லும் என்று வேண்டும். கேமிங் சென்டரில் பயன்படுத்தினால் வாரண்டி செல்லுமா என்பதையும், பழுதானால் நீங்கள் வாங்கி அனுப்புவீர்களா, நான் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். சீல் பிரிக்காத புதிய கார்டு மட்டும் போதும்.

முதலில் வகைக்கு ஒன்றாக இரண்டு கார்டு வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் மீதி எட்டுக்கும் ஆர்டர் தருகிறேன். அதுவரை இதே விலை நிற்குமா?"

நீங்கள் கவனித்திருக்கலாம், எந்தக் கார்டு நல்லது என்று இதில் நான் கேட்கவே இல்லை. மாற்ற முடியாதவற்றை எல்லாம் முதலில் சொல்லி, தேர்வை மூன்றுக்குள் சுருக்கி, அப்புறம் அவர் யோசனைக்கும் இடம் வைத்தேன். விவரம் தெரிந்தவர் எழுதிய கடிதம் என்று தெரிந்தால் சப்ளையரும் ஸ்டாக்கில் தேங்கியதைத் தள்ளிவிட யோசிப்பார்.

பதில் வந்ததும்

மாடல் எண் இல்லாமல் "3050 கேமிங் கார்டு" என்று மட்டும் வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். மாடல் எண் இருந்தால் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் அதையே தேடி நீளம், பவர் கேபிள், மெமரி மூன்றையும் ஒப்பிடுங்கள். வாரண்டியைப் பற்றி எதுவும் எழுதாமல் விலை மட்டும் குறைத்து வந்த பதில் எனக்கும் ஒன்று வந்தது. வேறொரு கடையிலிருந்து வந்தது அது. திரும்பக் கேட்டபோதுதான் கடை வாரண்டி மட்டும், அதுவும் ஓராண்டு என்றார்கள். தினம் பத்து மணி நேரம் ஓடும் கார்டுக்கு கம்பெனி வாரண்டி இல்லாமல் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாதிரிக்கு வந்த இரண்டையும் 75 ஹெர்ட்ஸ் சீட் ஒன்றிலும் 144 ஹெர்ட்ஸ் சீட் ஒன்றிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வேலரண்ட் ஓடும்போது எது எந்தக் கார்டு என்று நன்றாக விளையாடும் பையன்களாலேயே சொல்ல முடியவில்லை. 144 ஹெர்ட்ஸில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போட்டு, புகைக்குண்டு வெடிக்கும் இடத்தில் நின்று பார்த்தபோது 6600 முன்னால் நின்றது. பெரிய கதை கேமில் வித்தியாசம் இன்னும் தெளிவு.

கரண்ட் கணக்கையும் போட்டேன். 6600 முழு லோடில் 132 வாட்ஸ், 3050 6 ஜிபி 70 வாட்ஸ். பத்தும் 6600 என்றால் கார்டுகள் மட்டும் 1320 வாட்ஸ். ஆறும் நான்குமாகப் போட்டால் 420 உடன் 528 சேர்ந்து 948 வாட்ஸ். வித்தியாசம் 372 வாட்ஸ். தினம் பத்து மணி நேரம் முழு லோடில் ஓடினால் மாதம் ஏறக்குறைய 112 யூனிட். எப்போதும் முழு லோடு இருக்காது, ஆனால் அந்தச் சூட்டை வெளியேற்றும் ஏசியின் யூனிட் இந்தக் கணக்கில் வரவில்லை. யூபிஎஸ்ஸும் அந்த அளவுக்குச் சுமை குறைந்து ஓடும்.

அதனால் மூன்றாவது வகையை எடுத்தேன். 75 ஹெர்ட்ஸ் சீட் ஆறுக்கும் 3050 6 ஜிபி, கேபிள் இல்லாத மூன்று சிஸ்டமும் அந்த ஆறுக்குள். 144 ஹெர்ட்ஸ் நான்குக்கும் 6600, அந்த சீட்டுக்கு மணிக்குக் கொஞ்சம் கூடுதல் கட்டணம். இரண்டு லட்சத்துக்குள் அடங்கியது. கார்டு விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் நான் கொடுத்த தனித்தனி விலையை இங்கே எழுதுவதில் பயனில்லை.

இரண்டு கம்பெனி சிப் என்றால் இரண்டு டிரைவர் பார்க்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு சிஸ்டத்திலும் தனி எஸ்எஸ்டி என்பதால் இது பெரிய வேலையில்லை. ஒரே சர்வரிலிருந்து பத்து சிஸ்டமும் பூட் ஆகும் டிஸ்க்லெஸ் முறை வைத்திருப்பவர்கள் கலக்காமல் பத்தும் ஒரே கார்டாக வாங்குவதே நல்லது.

பெட்டி வந்த அன்று

பார்சலைப் பிரிப்பதில் தொடங்கி வீடியோ எடுங்கள். பெட்டி, கார்டு, பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் சீரியல் எண் இல்லை என்றால் அன்றே கேட்டு வாங்குங்கள், பிறகு வாரண்டிக்கு அதுதான் கேட்பார்கள்.

ஒவ்வொன்றையும் போட்டு, டிரைவர் ஏற்றி, GPU-Z என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். பெயரை மாற்றி எழுதிய போலிக் கார்டுகள் பலவற்றை அது கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் `[FAKE]` என்று காட்டும். மெமரி அளவு சரியா என்று பாருங்கள். அப்புறம் `Bus Interface` என்ற கட்டம். என் போர்டில் அங்கே இப்படி வர வேண்டும்:

```
PCIe x8 4.0 @ x8 3.0
```

கடைசியில் `x8 3.0` என்பதற்குப் பதில் `x4` அல்லது `x1` வந்தால் கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கீழே இருக்கும் வேறு ஸ்லாட்டில் போட்டிருக்கிறோமா என்று பாருங்கள். கேம் ஓடாதபோது கடைசி எண் மட்டும் `1.1` என்று குறைந்து காட்டினால் பயப்பட வேண்டாம், அது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் நிலை. கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி லோடு கொடுத்தால் உண்மையான வேகம் தெரியும்.

பிறகு கடை திறக்கும் முன் ஒவ்வொரு சீட்டிலும் அரை மணி நேரம் கேமை ஓட விட்டு வெப்பத்தைக் குறித்து வையுங்கள். எண் எவ்வளவு என்பதை விட, ஒரே மாடல் ஆறு கார்டில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட 10 டிகிரி மேலே நிற்கிறதா என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்குக்குள் போய் 144ஐத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மாட்டிய உடனே பல சமயம் 60இலேயே நிற்கும். அதைப் பார்க்காமல் ஒரு சீட்டை நான்கு நாள் ஓட்டியிருக்கிறேன்.

பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் அந்த சிஸ்டத்தில் பில் அடிக்கக்கூடத் திரை வராது. அதனால் கழற்றிய பழைய கார்டுகளில் கேபிள் தேவைப்படாத ஒன்றை விற்காமல் துடைத்துக் கல்லாப்பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன். வாரண்டிக்குப் போன கார்டு திரும்பி வரும் வரை அந்த சீட் பிரவுசிங்குக்காவது ஓடும்.